முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டிய பதில்

2021 மார்ச் மாதம் பாலக்காட்டில் வீடு வாங்கியபோது என் கையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. கிரயப் பத்திரத்தை இங்கே ஆதாரம் என்பார்கள். அந்த ஆதாரமும் அதற்கு முந்தைய ஆதாரங்களும், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றும், வில்லேஜ் ஆபீஸில் நில வரி கட்டிய ரசீதும், உடைமைச் சான்றும், கட்டட வரி ரசீதும் அதில் இருந்தன. வக்கீல் எல்லாவற்றையும் படித்துவிட்டு உரிமையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அரைமணி நேரம் அளந்துவிட்டு, கடனுக்கு ஈடாக இந்தச் சொத்து போதும் என்று அறிக்கை கொடுத்தார். 2018 ஆகஸ்ட்டில் அந்த வீட்டுக்குள் இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்ற செய்தி இவற்றில் ஒரு தாளிலும் இல்லை. இருக்கவும் முடியாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைச் சொல்லும். வக்கீல் உரிமையைப் பார்ப்பார். மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்ப்பார். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அங்கே வாழ்ந்தவர் சொன்னால்தான் உண்டு.

நான் இந்த மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர். கல்பாத்திப்புழையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்த வீடு. ஏழு சென்ட் நிலம், 1998இல் கட்டிய தரைத்தள வீடு, விலை 42 லட்சம். 2018 ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் மலம்புழை அணையின் மதகுகள் திறந்திருந்தபோது பெருமழையும் சேர்ந்துகொள்ள, கல்பாத்திப்புழை கரையை மீறிப் பாலக்காட்டு நகருக்குள் வந்தது என்பது எனக்கும் தெரிந்த செய்திதான். அப்போது நான் சித்தூர்ப் பக்கம் குடியிருந்தேன். ஆகவே வீடு பார்க்கப் போன முதல் நாளே தரகரிடம் கேட்டேன், “வெள்ளத்தின்போது இங்கே தண்ணீர் வந்ததா?” அவர் கையால் தெருவைக் காட்டி, “தெரு வரைக்கும் வந்தது சார், வீட்டுக்குள் வரவில்லை” என்றார். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி அன்றே ஒன்றைக் கவனித்தாள். எல்லா அறைகளிலும் தரையிலிருந்து நான்கடி வரை அடர்ந்த நிறம், அதற்கு மேலே வெளிர் நிறம். “ஏன் இப்படி அடித்திருக்கிறார்கள்?” என்று கேட்டாள். குழந்தைகள் கை வைத்தால் அழுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. நல்ல யோசனை என்று நினைத்தோம். சமையலறையில் தரை ஓடுகள் மற்ற அறைகளைவிடப் புதியவை. மின்சாரப் பிளக்குகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பார்த்த மாதமும் எங்களுக்கு எதிராக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோடைக்கு முன்னால் வீசும் வறண்ட காற்று எல்லாவற்றையும் உலர்த்திவிடும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இங்கே ஈரச்சுவரைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். வீடு விற்பவர்களும் இந்த மாதங்களைத்தான் விரும்புகிறார்கள். எல்லோரும் மறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, பள்ளி ஆண்டு முடியும் காலம் என்பதும் காரணம். ஆனால் விளைவு ஒன்றுதான்.

கரார் எழுதினோம். விற்பனை ஒப்பந்தத்துக்கு இங்கே அதுதான் பெயர். நான்கு லட்சம் முன்பணம். எழுத்தர் வழக்கமாக வைத்திருக்கும் அச்சு வாசகத்தில் ஒரு வரி இருந்தது: வாங்குபவர் சொத்தை நேரில் பார்த்து அதன் நிலையில் திருப்தி அடைந்தார் என்று. நான் படித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் கடைசியில் தெற்கு அறைச் சுவரில் பெயின்ட் உப்பியது. விரல் வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஜூலை நடுவில் பார்த்தால் நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில், யாரோ நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல அந்த வெள்ளைப் பூப்பு சுற்றி வந்தது. கூரையிலிருந்து ஒழுகும் நீர் மேலிருந்து இறங்கித் திட்டுத் திட்டாகக் கறை வைக்கும். குழாய் கசிந்தால் ஓர் இடத்தில் வைக்கும். எல்லா அறைகளிலும் ஒரே மட்டத்தில் ஓடும் கோடு வெள்ளத்தின் கோடு. தண்ணீர் நின்றது இரண்டரை அடி என்றால், செங்கல் அதை இன்னும் ஓர் அடிக்கு மேல் உறிஞ்சி ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் அடர்ந்த பெயின்ட் நான்கடி வரை போயிருந்தது. மேஸ்திரி சுரண்டிப் பார்த்தபோது அடியில் நீர் புகாத பூச்சு ஒன்றும், அதன் மேல் இரண்டு முறை புட்டியும் இருந்தன. சுவர் உலர்வதற்கு முன்பே அதை மூடியிருக்கிறார்கள். மூடிய ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. மறு மழைக்காலத்தில் கீழேயிருந்து புது ஈரம் சேரும்போது அது உப்பையும் கூட்டிக்கொண்டு பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

அந்த வாரம்தான் அடுத்த வீட்டுச் சேச்சி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசாரித்தார். நான் விவரம் சொன்னதும் அவர் முகம் மாறியது. “உங்களிடம் சொல்லவில்லையா? இரண்டு நாள் தண்ணீர் நின்றது. நாங்கள் எல்லோரும் மாடியில் இருந்தோம். அவர்கள் கட்டிலை எங்கள் மொட்டை மாடியில்தான் காய வைத்தார்கள்” என்றார். அவரிடம் நான் மார்ச்சிலேயே கேட்டிருக்கலாம். கேட் திறந்தே இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சமையலறைத் தரை ஒரு பக்கம் இறங்கியது. ஓடுகளைத் தட்டினால் பானையைத் தட்டுவதுபோல் ஒலித்தது. தரைக்கு அடியில் நிரப்பிய மண்ணில் நீர் ஊறி, வடியும்போது நுண்மண்ணை இழுத்துக்கொண்டு போயிருந்தது. மேலே ஓடுகளை மட்டும் மாற்றியிருந்தார்கள், கீழே வெற்றிடம் அப்படியே இருந்தது. மின்கசிவு இருந்தால் மின்சாரத்தை நிறுத்தும் இ.எல்.சி.பி. சுவிட்ச் பெருமழை நாட்களில் தானாக விழுந்தது. பிளக்குகளை உயரத்துக்கு மாற்றியவர்கள் பழைய கம்பியைப் பழைய குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டு, சுவரின் கீழ்ப்பகுதியில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் செலவானது. அதைவிடப் பெரிய செலவு, அடுத்த கோடைவரை பூச்சைக் கொத்தி எடுத்த சுவர்களுக்கு நடுவே அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு குடியிருந்தது. கொத்தியவுடனே பூச முடியாது. செங்கல் உலர ஒரு முழு வறண்ட காலம் வேண்டும்.

ஆகஸ்ட்டில் வக்கீலிடம் போனேன். உரிமையைச் சரிபார்த்துத் தந்த அதே வக்கீல். அன்று அவர் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னவை இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி.

சில வெளிநாடுகளில் வீடு விற்பவர் குறைகளை எழுதித் தரும் படிவம் சட்டப்படி உண்டு. நம் நாட்டில் தனி ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும்போது அப்படி ஒரு கட்டாயப் படிவம் இல்லை. ஆனால் கடமை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு கடைசியில் சொல்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. வக்கீல் கையமர்த்தினார்.

“இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலாவது, ‘சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத’ என்ற சொல். 2018 வெள்ளம் ஊருக்கே தெரியும், அடுத்த வீட்டில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டாவது, இந்தக் கடமையெல்லாம் வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோதுதான். நீங்கள் பார்த்துத் திருப்தி அடைந்ததாகக் கராரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.”

“நான் வாயால் கேட்டேனே?”

“தரகரிடம் கேட்டீர்கள். தரகர் சொன்னார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நாளைக்குத் தரகர் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்.”

அப்படித்தான் நடந்தது. நோட்டீஸ் அனுப்பினோம். ஊரறிந்த வெள்ளம், பார்த்துத் திருப்தி அடைந்த வாங்குபவர் என்று, வக்கீல் முன்கூட்டிச் சொன்ன இரண்டு வாதங்களும் பதிலில் வரிசையாக வந்தன. மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்றாலும், நான் போடவில்லை. கையில் சாட்சியம் இல்லாத வழக்கை ஆண்டுக்கணக்கில் நடத்த எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் அன்று வக்கீல் சொன்ன இன்னொன்று என் மனத்தில் தங்கிவிட்டது. 55ஆம் பிரிவிலேயே மற்றொரு கடமையும் இருக்கிறது: சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியாக வேண்டும். கேட்டால்தான் அந்தக் கடமை பிறக்கிறது. கேட்டதும் பதிலும் தாளில் இருந்தால் வழக்கின் தன்மையே மாறிவிடுகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்பவர் பேசாமல் இருந்து ஏமாற்றினார் என்றால், நீ கொஞ்சம் முயன்றிருந்தால் உண்மையை அறிந்திருக்கலாமே என்ற எதிர்வாதத்துக்கு அது இடம் தருகிறது. தெரிந்தே சொன்ன நேரடிப் பொய்க்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. ‘வெள்ளம் வீட்டுக்குள் வந்ததா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், அடுத்த வீட்டில் கேட்டிருக்கலாமே என்று பிறகு ஒதுங்க முடியாது. மௌனத்தை வாக்காக மாற்ற ஒரே ஒரு தாள் போதும். அந்தத் தாள் முன்பணத்துக்கு முன்னால் வர வேண்டும். பிறகு கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல அவசரமில்லை, நமக்குத் திரும்பிப் போக வழியில்லை.

நடைமுறையில் அது வேறொரு வகையிலும் உதவுகிறது என்பதை 2023இல் தெரிந்துகொண்டேன். என் தங்கை சித்தூர்த் தாலுகாவில் ஒரு வீடு பார்த்தாள். நான் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். “எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த விற்பவர், கையெழுத்து என்றதும் தாளை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் கழித்து வந்தார். பல கேள்விகளுக்கு விரிவாகவே எழுதியிருந்தார். பொய் சொல்லத் துணிகிறவர்கள்கூட அதை எழுதத் தயங்குகிறார்கள். பதில் எழுதாமல் விட்ட கட்டங்களும் நமக்குச் செய்திதான். அவர் மொட்டை மாடியைப் பற்றிய கேள்வியை மட்டும் விட்டிருந்தார். மாடி முழுவதும் இரும்புச் சட்டம் போட்டுத் தகடு வேய்ந்திருந்தது. இங்கே ட்ரஸ் வேலை என்பார்கள். கேரளத்தில் எங்கும் பார்க்கலாம். துணி காயவைக்கவும் வெயில் தடுக்கவும் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒழுகும் கான்கிரீட்டைச் சரிசெய்யாமல் அதன்மேல் குடை பிடிக்கவும் பலர் போடுகிறார்கள். தகடு மழையை நிறுத்திவிடும். அதற்குமுன் உள்ளே போன ஈரத்தில் துருவேறிய கம்பி பருத்து, அடியில் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டே இருக்கும். தங்கை திரும்பக் கேட்டாள். 2019இல் ஒழுகியது, அடுத்த ஆண்டு ட்ரஸ் போட்டோம் என்று எழுதிக் கொடுத்தார். படுக்கையறைக் கூரையைத் தட்டிப் பார்க்க ஒரு பொறியாளரை அழைத்தோம். அவர் பெயர்ந்த இடங்களைக் குறித்துக் கொடுத்தார். அந்தச் செலவு விலையில் கழிந்தது. இந்தத் தாள் பொறியாளரின் சோதனைக்கு மாற்றாகாது. எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லும்.

கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில் பாதி வேலை இருக்கிறது. ‘வீட்டில் குறை உண்டா?’ என்பது கேள்வியே அல்ல. அவருக்குக் குறை என்று தோன்றாததை அவர் எழுத மாட்டார்; அதில் பொய்யும் இல்லை. நடந்ததா, எப்போது, எவ்வளவு என்று கேட்க வேண்டும். வெள்ளத்துக்கு நான் எழுதியது இப்படி: ‘நீங்கள் உடைமையாளராக இருந்த காலத்தில், 2018, 2019 உட்பட எந்த ஆண்டிலாவது வெளித் தண்ணீர் காம்பவுண்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, அறைக்குள்ளோ வந்ததா? வந்திருந்தால் எந்த மாதம், உள் தரையிலிருந்து எத்தனை அங்குலம், எத்தனை மணி நேரம் நின்றது?’ மூன்று இடங்களையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் என் தரகர். ‘வீட்டுக்கு வரவில்லை’ என்பதில் வராந்தா சேருமா, முற்றம் சேருமா என்பது சொல்பவரின் விருப்பம்.

அதன் கீழே இன்னொரு கேள்வி: ‘வெள்ளத்துக்காக அரசு உதவியோ காப்பீட்டுத் தொகையோ பெற்றீர்களா?’ 2018இல் தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு உடனடி உதவியாகக் கேரள அரசு 10,000 ரூபாய் கொடுத்தது. கட்டடச் சேதத்துக்குத் தனியாகக் கணக்கெடுத்து, சேதத்தின் அளவைப் பொறுத்து அதிகபட்சம் 4 லட்சம் வரை கொடுத்தது. உதவி பெற்றவரின் வங்கிக் கணக்கில் அது பதிவாகியிருக்கும். நினைவில்லை என்று சொல்ல முடியாத கேள்வி இது. உதவி வாங்கியது குற்றமும் இல்லை, ஆகவே கேட்பதில் யாரையும் புண்படுத்தும் தொனியும் இல்லை.

செய்த பழுதுபார்ப்புக்குத்தான் அதிக இடம் விட வேண்டும். மக்கள் குறையை மறைப்பார்கள், செலவழித்ததைச் சொல்லப் பிரியப்படுவார்கள். என்ன குறை தெரிந்தது, என்ன வேலை செய்தீர்கள், எந்த மாதம், யார் செய்தார், ரசீது உண்டா என்று கேட்டுவிட்டு, கடைசியாக ‘அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் எப்படி இருந்தது?’ என்று கேட்க வேண்டும். என் அனுபவத்தில் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் பயன் அதிகம். பெயின்ட் அடித்ததும் பழுதுபார்ப்புதான், அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் போட்டதும் பழுதுபார்ப்புதான். வேலைக்குப் பிறகு ஒரு மழைக்காலம் கடந்திருக்கிறதா என்பது இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். வேலை முடிந்தது ஜனவரியில், விற்பது மார்ச்சில் என்றால், அந்த வேலை இன்னும் சோதிக்கப்படவில்லை என்று பொருள்.

கையெழுத்து யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே விற்பவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மைத்துனரோ மாமாவோ பவர் பத்திரம் வைத்துக்கொண்டு கரார் எழுத வருகிறார். சட்டம் கேட்பது விற்பவருக்குத் தெரிந்ததை. பவர் வைத்திருப்பவர் அந்த வீட்டில் ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டார். மனச்சாட்சியோடுதான் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதுவார். அந்த இடத்தில் கேள்விகளை உடைமையாளருக்கே மின்னஞ்சலில் அனுப்பி, அவர் முகவரியிலிருந்தே பதில் வாங்கி, அதை அச்செடுத்துக் கராரோடு சேர்க்க வேண்டும். அண்ணன் தம்பிகள் கூட்டாக விற்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அதிலும் அந்த வீட்டில் உண்மையில் குடியிருந்தவர் கட்டாயம். வாடகைக்கு விட்டிருந்த வீடு என்றால் கடைசியாகக் குடியிருந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தாள் தனியாக இருந்தால் போதாது. ‘இணைப்பில் உள்ள பதில்களை நம்பியே வாங்குபவர் இந்தக் கராருக்கு உடன்படுகிறார்’ என்று கராரில் ஒரு வரி வர வேண்டும். பார்த்துத் திருப்தி அடைந்தார் என்ற அச்சு வரியை அடிக்க வேண்டும், அல்லது ‘இணைப்பில் சொன்னவற்றைத் தவிர’ என்று திருத்த வேண்டும். எழுத்தர் முணுமுணுப்பார். எழுத வைக்கலாம், என் தங்கையின் கராரில் எழுதினார்கள்.

2024இல் என் முறை வந்தது. பள்ளிக்கு அருகில் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிபெயர முடிவு செய்தோம். பாலக்காட்டு வீட்டை விற்க வேண்டும். நான் அந்தத் தாளை எழுத உட்கார்ந்தபோது, என்னிடம் மறைத்தவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் வேறு உருவம் எடுத்தது. ஒவ்வொரு வரியும் விலையில் எத்தனை ரூபாய் என்று மனம் கணக்குப் போட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மூன்று மாலைகள் எழுதினோம். நான் எழுதியதை மனைவி படித்து, “இங்கே மழுப்புகிறீர்கள்” என்று இரண்டு இடத்தில் கோடு போட்டாள்.

எழுதும்போது ஒரு வழி கண்டோம். நாங்கள் கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லி அறிந்தது, தெரியாதது என்று மூன்றாகப் பிரித்தோம். விற்பவருக்கும் இதுதான் பாதுகாப்பு. கேள்விப்பட்டதைப் பார்த்ததாக எழுதினால் நாளைக்கு அது நம் வாக்காகிவிடும். கேள்விப்பட்டதை எழுதாமலே விட்டால் மறைத்ததாகும். நாங்கள் எழுதியதில் ஒரு பகுதி:

‘2018 ஆகஸ்ட்டில் உள் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி தண்ணீர் இரண்டு நாள் நின்றதாக அக்கம்பக்கத்தார் சொல்லி அறிந்தோம், அப்போது நாங்கள் உடைமையாளர் அல்லர். 2021 மார்ச் முதல் இன்றுவரை வெளித் தண்ணீர் காம்பவுண்டுக்குள் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. 2021 ஜூலையில் எல்லா அறைகளிலும் நான்கடி வரை உப்பு பூத்தது. பூச்சைக் கொத்தி, 2022 ஏப்ரல் வரை உலரவிட்டு, புதிதாகப் பூசினோம். 2022, 2023 மழைக்காலங்களில் தெற்கு அறையின் மேற்கு மூலையில் மட்டும் ஒன்றரை அடி உயரம் வரை ஈரம் தெரிந்தது, டிசம்பரில் மறைந்தது. காரணம் தெரியாது. சமையலறைத் தரையைத் தோண்டி மண் நிரப்பிக் கெட்டித்து ஓடு பதித்தோம். மற்ற அறைகளின் தரைக்குக் கீழே சோதிக்கவில்லை. மின்கம்பி முழுவதும் மாற்றினோம், ரசீது இணைப்பில்.’

மேற்கு மூலை ஈரத்தின் படங்களையும் சேர்த்தோம். படத்தில் சுவரோடு ஒரு அளவு நாடா நின்றது, எடுத்த மாதத்தைப் பின்னால் எழுதியிருந்தோம். வீடு பார்க்க வருகிறவர்கள் பிப்ரவரியில்தான் வருவார்கள். ஜூலையை அவர்களுக்குக் காட்ட வேறு வழி இல்லை.

தரகர் தாளைப் படித்துவிட்டு, “மாஷே, இதைக் காட்டினால் ஒருவரும் வாங்க மாட்டார்கள்” என்றார். முதலில் வந்த குடும்பம் உண்மையிலேயே படித்துவிட்டுப் போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொள்ளாச்சிக்காரர் மனைவியோடு வந்தார். தாளை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் ஒரு பொறியாளரோடு வந்து நேரே தெற்கு அறைக்குப் போனார்கள். பிறகு மற்ற அறைகளின் தரையைத் தட்டினார்கள். நாங்கள் கேட்டது 46 லட்சம். அவர் 42 என்றார். மேற்கு மூலைக்கும் தரைக்கும் என்ன செலவாகும் என்று பொறியாளர் கணக்குச் சொல்ல, அதை வைத்துப் பேசி 44இல் முடிந்தது. அடுத்த வீட்டுச் சேச்சியிடமும் போய்க் கேளுங்கள் என்று நானே கேட்டைத் திறந்து கூட்டிக்கொண்டு போனேன். கராரில் தாள் இணைப்பாகச் சேர்ந்தது. இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டோம். அவர்கள் பெற்றுக்கொண்ட தேதியைத் தம் கையால் எழுதினார்கள், அது முன்பணத்துக்கு நான்கு நாள் முந்தைய தேதி.

அந்த ஆண்டு ஜூலை கடைசியில், பாலக்காட்டில் விடாமல் மழை பெய்த ஒரு நாள் மாலையில், அவரிடமிருந்து போன் வந்தது. எடுக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“சார், தெற்கு அறையில் ஈரம் வந்திருக்கிறது. நீங்கள் எழுதிய அதே மூலை. நாடா வைத்து அளந்தேன், ஒன்றேகால் அடி.”

“வேறு எங்கேயாவது?”

“இல்லை சார். அந்த மேஸ்திரியின் நம்பர் இருக்கிறதா? ஏப்ரலில் வரச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.”

நம்பரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.